ராத்திரி ஏர்போர்ட்டுக்கு வர மாட்டேன் என்று அத்தையிடம் சொன்ன கதை

எங்கள் வீடு சேலையூரில் இருக்கிறது. திரிசூலம் விமான நிலையத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வீட்டில் காரும் இருக்கிறது. சொந்த ஊர் திண்டிவனம் பக்கம். சொந்தக்காரர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் துபாய், தோஹா, சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். இவ்வளவும் ஒன்று சேர்ந்தால் எனக்கு என்ன வேலை விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பதினொரு வருடம் அந்த வேலையைச் செய்தேன். வளைகுடாவிலிருந்து சென்னைக்கு வருகிற விமானங்கள் நிறைய நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் இடையில்தான் இறங்குகின்றன. ஆகவே ஏர்போர்ட்டுக்குப் போவது என்றால் எனக்கு ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி என்றுதான் அர்த்தம். காலை ஏழு மணிக்கு கிண்டியில் ஷிப்ட்.

போன வருடம் வைகாசியில் ஒரு ராத்திரி, சித்தப்பா மகனைக் கூட்டிக்கொண்டு போய் மறைமலை நகரில் விட்டுவிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் தனியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். மணி நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும். வண்டலூர் மேம்பாலம் வரப்போகிறது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது சத்தம்தான். வண்டி டிவைடரில் ஏறி, முன் வலது சக்கரம் வெடித்து, கொஞ்ச தூரம் உரசிக்கொண்டே போய் நின்றிருந்தது. பின்னால் லாரி எதுவும் வரவில்லை. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. பம்பர், டயர், ரிம், கீழே ஏதோ ஆர்ம் என்று மெக்கானிக் கொடுத்த பில் 31,400 ரூபாய். இன்சூரன்ஸில் கேட்டால் நோ கிளைம் போனஸ் போய்விடுமே என்று கையிலிருந்தே கட்டினேன். இரண்டு நாள் லீவ்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னேன், அதுவும் "நாய் குறுக்கே வந்தது" என்று. பதினெட்டு வருடமாக வண்டி ஓட்டுகிறவன் தூங்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தால்தான் பின்னால் நடந்த அத்தனையும் நடந்தது, அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளுக்குள் மட்டும் ஒரு முடிவு எடுத்திருந்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் இனி ஸ்டீயரிங்கைத் தொடுவதில்லை.

அத்தையும் மாமாவும் வருடா வருடம் துபாயில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வருவார்கள். அப்பாவின் தங்கை. என்னைத் தூக்கி வளர்த்தவர்களில் ஒருவர். திரும்பி வருவதற்கு ஒன்பது நாள் முன்னால் போன் செய்தார். "டேய், வெள்ளிக்கிழமை நைட் வர்றோம். ஒரு மணிக்கு இறங்கிடும். நீ வந்துரு." கேள்வியே இல்லை, தகவல்தான். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. "பார்க்கலாம் அத்தை" என்றேன்.

இதுதான் முதல் தப்பு. நம் ஊரில் "பார்க்கலாம்" என்று சொல்கிறவன் மனதில் அது "முடியாது". கேட்கிறவர் காதில் அது "சரி". பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் சொன்னால் மட்டும்தான் எல்லோருக்கும் அதன் பொருள் சரியாகப் புரிகிறது. அத்தை அன்றைக்கே மாமாவிடம் "அவன் வந்துடுவான்" என்று சொல்லிவிட்டார். மகனும் வேறு ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. நான் அந்த ஒன்பது நாளில் ஆறு நாளை, அவர்களே மனதை மாற்றிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தே கழித்தேன். மறுப்பதாக இருந்தால் கேட்ட அன்றே மறுத்துவிட வேண்டும். ஒன்பது நாள் இருக்கும்போது அது ஒரு சின்ன ஏமாற்றம். மூன்று நாள் இருக்கும்போது சொன்னால் கைவிட்டது போலாகிவிடுகிறது.

மூன்று நாள் இருக்கும்போது போன் செய்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். "கார் சர்வீஸுக்கு விட்டிருக்கேன் அத்தை" என்றேன். அத்தை அரை நொடி யோசிக்கவில்லை. "உன் மச்சினன் வண்டி இருக்குதே, அதை வாங்கிக்கோ." அடுத்து, "மறுநாள் காலையில ஷிப்ட் இருக்கு" என்றேன். "சனிக்கிழமைதானே, பெர்மிஷன் போடு." கடைசியாக, உடம்பு சரியில்லை என்று இழுத்தேன். "அப்போ ஆக்டிங் டிரைவர் போட்டு வண்டியை அனுப்பு." கார்தான் சர்வீஸில் இருக்கிறதே என்று எனக்கே மறந்துபோய் "அவங்க நைட்ல வர மாட்டாங்க அத்தை" என்றேன். அந்தப் பக்கம் அமைதி. பொய் என்று தெரிந்துவிட்டது.

அன்றைக்குப் புரிந்தது. சாக்கு சொன்னால் எதிரில் இருப்பவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடிப்பார். அது நல்ல எண்ணத்தில்தான். வண்டி இல்லை என்றால் வண்டிக்கு வழி, நேரம் இல்லை என்றால் நேரத்துக்கு வழி. அவர் சொல்கிற ஒவ்வொரு வழிக்கும் நாம் புதுப்பொய் ஒன்று சொல்ல வேண்டியிருக்கும். "நான் ராத்திரியில் வண்டி ஓட்டுவதில்லை" என்ற ஒன்றுக்குத்தான் யாரும் வழி சொல்ல முடியாது. ஏனென்றால் அது தடங்கல் இல்லை, முடிவு. அதை நான் சொல்லவே இல்லை. "சரி அத்தை, டாக்சி போட்டுடறேன். நேரா நம்ம வீட்டுக்கு வந்து படுங்க, காலையில நானே திண்டிவனத்துல விடறேன்" என்றேன். அத்தை "ம்" என்றார். "நான் காசுக்கா கேட்டேன்?" என்றும் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இனி அந்த ராத்திரி. டாக்சி போடுவது என்றால் எனக்குத் தெரிந்தது ஆப் மட்டும்தான். விமானம் இறங்கியதும் என் போனிலிருந்து புக் செய்வோம், வண்டி எண்ணையும் பின் நம்பரையும் வாட்ஸ்அப்பில் அனுப்புவோம், அவர்கள் ஏறி வருவார்கள். இவ்வளவுதான் என் திட்டம். இதில் எத்தனை ஓட்டை இருந்தது என்று சொல்கிறேன்.

விமானம் 12:55-க்கு இறங்கியது. நான் 1:10-க்கே புக் செய்துவிட்டேன். அது அவசரம். சர்வதேச முனையத்தில் குடியேற்ற வரிசை, பெட்டி வரும் பெல்ட், சுங்கம் எல்லாம் தாண்டி வெளியே வர ஒரு மணி நேரம் சர்வசாதாரணம். பெட்டி தாமதித்தால் ஒன்றரை மணி நேரம். முதல் டிரைவர் பத்து நிமிடம் காத்திருந்து பார்த்துவிட்டு கேன்சல் செய்துவிட்டார். இரண்டாவது டிரைவர் எனக்குப் போன் செய்து "எங்க போகணும் சார்?" என்றார். சேலையூர் என்றேன். வைத்துவிட்டார், கேன்சல். மூன்றாவதும் அதே கதை. பிறகு ஒரு டிரைவரே எனக்கு இதை விளக்கினார். ஏர்போர்ட்டில் சவாரிக்காக ஒன்றரை மணி நேரம் வரிசையில் நிற்கிறவருக்குப் பத்து கிலோமீட்டர் சவாரி கிடைத்தால் அது நஷ்டம். அவர் காத்திருப்பது ஓ.எம்.ஆர். கடைசிக்கோ அம்பத்தூருக்கோ போகிறவருக்காக. வீடு ஏர்போர்ட்டுக்குப் பக்கம் என்றால் ராத்திரி ஆப்பை நம்பாதீர்கள். கட்டணம் 420 என்று காட்டும், வண்டி வராது.

நாலாவது டிரைவர் ஒப்புக்கொண்டார். மணி 2:05. ஆனால் அத்தையைக் கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை. ஆப் வண்டிகள் முனைய வாசலுக்கு வருவதில்லை; பல அடுக்குக் கார் பார்க்கிங் கட்டடத்தில்தான் ஏற்றிக்கொள்கிறார்கள். வெளியே வருகிறவர்கள் பெட்டிகளோடு அதுவரை போக வேண்டும். இளைஞர்களுக்கு அது ஐந்து நிமிட நடை. எழுபதைத் தொடும் இரண்டு பேருக்கு, அந்த நேரத்தில், நாலு பெரிய பெட்டியோடு, எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போவது வேறு கதை. டிரைவர் என்னைத்தான் கூப்பிடுகிறார், ஏனென்றால் புக் செய்தது என் எண். நான் அத்தையைக் கூப்பிட வேண்டும். அத்தையிடம் இருந்தது துபாய் சிம், ரோமிங் போடவில்லை. பழைய இந்திய சிம் மூன்று மாதம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போயிருந்தது. நான் அனுப்பிய வண்டி எண், பின் நம்பர், எல்லாமே ஒற்றை டிக்கோடு வாட்ஸ்அப்பில் கிடந்தன. சேலையூரில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அந்த ஒற்றை டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கையாலாகாதவனாக நான் உணர்ந்ததில்லை. காரை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று இரண்டு முறை சாவியைக் கையில் எடுத்தேன். கார் சர்வீஸில் இருக்கிறது என்று சொல்லியிருந்தேனே!

கடைசியில் மாமா யாரிடமோ போன் வாங்கிக் கூப்பிட்டார். எப்படியோ டிரைவரும் அவர்களும் சந்தித்தார்கள். வந்தது சி.என்.ஜி. போட்ட சின்ன செடான். டிக்கியைத் திறந்தால் முக்கால்வாசியை சிலிண்டர் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு பெட்டி போகும். மேலே கேரியர் இல்லை. நாலு பெட்டி, இரண்டு கைப்பை, கயிறு கட்டிய ஒரு அட்டைப்பெட்டி. "இதுக்குப் பெரிய வண்டி போடணும் சார்" என்றார் டிரைவர். அவர் மேல் தப்பே இல்லை. மணி மூன்று ஆகியிருந்தது. மாமாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. திரும்பப் போய் பிரீபெய்டு கவுன்ட்டரில் பெரிய வண்டியாக எடுத்து, என் வீட்டுக்கு வராமல் நேராகத் திண்டிவனத்துக்கே போய்விட்டார்கள். 5,200 ரூபாய். கையில் இருந்தது திர்ஹாம்; அங்கேயே கிடைத்த விலைக்கு மாற்றினார்களாம். மறுநாள் நான் அந்த 5,200-ஐ அத்தை மகனுக்கு ஜிபே-யில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அப்படியே திரும்பி வந்தது. ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு மாதம் அத்தை என்னிடம் பேசவில்லை. அம்மாவிடம் பேசும்போது என் பெயர் வந்தால் பேச்சை மாற்றிவிடுவாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். காபி கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை. அப்போதுதான் வண்டலூரில் நடந்ததைச் சொன்னேன். நாய் குறுக்கே வந்த கதை இல்லை, தூங்கிய கதை. அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? நான் என்ன உன்னைச் சாகவா கூப்பிட்டேன்?" என்றார். கண் கலங்கியிருந்தது. இன்னொன்றும் சொன்னார். டாக்சி வராததுகூடப் பெரிதாகப் படவில்லையாம். வெளியே வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற கூட்டத்தில் நம் ஆள் யாராவது தெரிகிறார்களா என்று பழக்கத்தில் தேடினாராம். யாரும் இல்லை. "அனாதை மாதிரி இருந்துச்சுடா." ஏர்போர்ட்டுக்கு வா என்று கேட்கிறவர்கள் பாதி நேரம் கேட்பது அந்த முகத்தைத்தான். டாக்சி போடும்போது அந்த இடத்தில் எதை வைப்பது என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த சோதனை மார்கழியில் வந்தது. பெரியப்பா மகன், அண்ணன், தோஹாவிலிருந்து குடும்பத்தோடு. அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள், நேராகத் திண்டிவனம். கூப்பிட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்: "அண்ணே, நான் நைட் வண்டி ஓட்டறதை நிறுத்திட்டேன். போன வருஷம் வண்டலூர்கிட்ட தூங்கி டிவைடர்ல ஏத்திட்டேன். உங்களுக்கு வண்டி நான் ஏற்பாடு பண்றேன், காசும் நான் கொடுக்கறேன். டிக்கெட்டை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க." அண்ணன் விபத்தைப் பற்றித்தான் பத்து நிமிடம் கேட்டார். மறுப்பைப் பற்றிப் பேச்சே எழவில்லை. இங்கே ஒன்றைக் கவனித்தேன். "டாக்சி போட்டுக்கோங்க" என்றால் அது கைகழுவுவது. "டாக்சி போட்டுத் தரவா?" என்றால் "எதுக்குடா சிரமம்" என்று அவர்கள் சொல்வார்கள், நாம் அதை நம்பிவிடுவோம், கடைசியில் யாரும் எதையும் போட்டிருக்க மாட்டார்கள். "நான் ஏற்பாடு பண்றேன், டிக்கெட்டை அனுப்புங்க" என்றால் பேச்சு அடுத்த வேலைக்கு நகர்ந்துவிடுகிறது. பணம் யார் கொடுப்பது என்பதையும் அந்த முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். முழுவதும் கொடுக்க முடியாவிட்டால், "வாடகை 3,800 சொல்றாங்க, வண்டி நான் பேசித் தர்றேன்" என்று தொகையை முன்னாலேயே சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. வீட்டு வாசலில் டிரைவர் கை நீட்டும்போது தெரிய வருவதுதான் அசிங்கம்.

டிக்கெட்டை ஏன் கேட்கிறேன் என்றால், வாயால் சொல்கிற தேதி நம்ப முடியாது. அண்ணன் "13 வெள்ளிக்கிழமை நைட்" என்றார். டிக்கெட்டில் இறங்கும் நேரம் 14 சனிக்கிழமை 00:55. டிராவல்ஸ்காரரிடம் "14-ஆம் தேதி நைட் ஒரு மணி" என்று சொன்னால் அவர் ஒரு நாள் தள்ளித்தான் வண்டி அனுப்புவார். ஆகவே இப்படி எழுதி அனுப்பினேன்: "13 வெள்ளி ராத்திரி, விடிந்தால் 14 சனி. விமானம் 12:55-க்கு இறங்கும். வண்டி ஒன்றே முக்காலுக்குத் தேவை." அவரிடமிருந்து "13 நைட் டியூட்டி ஓகே" என்று பதில் வந்த பிறகுதான் முன்பணம் அனுப்பினேன்.

வண்டியை இந்த முறை ஆப்பில் போடவில்லை. தாம்பரத்தில் எங்கள் பகுதி ஆட்கள் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் எடுக்கிற டிராவல்ஸ் ஒன்று இருக்கிறது. எர்டிகா, மேலே கேரியர். முன் சீட்டில் அண்ணன், நடுவில் மற்ற மூவர், கடைசி சீட்டை மடக்கிப் பெட்டிகள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு பேர் உட்காரும் வண்டி என்று சொல்வார்கள், ஆனால் ஏழு பேர் உட்கார்ந்தால் பின்னால் ஒரு பெரிய பெட்டிகூட நிற்காது. எத்தனை பேர் என்று மட்டும் சொல்லி வண்டி கேட்கக் கூடாது, எத்தனை பெட்டி என்றும் சொல்ல வேண்டும். வாடகையை ஒரே தொகையாகப் பேசினேன்: கிலோமீட்டர், டிரைவர் பேட்டா, பரனூரிலும் ஆத்தூரிலும் டோல், ஏர்போர்ட் பார்க்கிங், இரண்டு மணி நேரக் காத்திருப்பு, எல்லாம் சேர்த்து 3,800. இதற்குக் குறைவாக 3,000-க்கு ஒருவர் வருகிறேன் என்றார். வண்டிப் படம் கேட்டேன், வெள்ளை நம்பர் பிளேட். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறார். வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கை விரித்துவிடும். மஞ்சள் பிளேட்தான் வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

நானே போயிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்றும் கணக்குப் பார்த்தேன், ஏனென்றால் "எதுக்கு வீண் செலவு" என்று அம்மா கேட்டார். சேலையூரிலிருந்து ஏர்போர்ட், அங்கிருந்து திண்டிவனம், திரும்ப வீடு, சுமார் 225 கிலோமீட்டர். என் வண்டிக்குப் பதினைந்து லிட்டர் பெட்ரோல், கிட்டத்தட்ட 1,500 ரூபாய். டோல் முந்நூறுக்குள். ஆக, 2,000 ரூபாய் அதிகம். வண்டலூர் பில்லில் பதினைந்தில் ஒரு பங்கு என்றதும் அம்மா பேசவில்லை.

பேரம் முடிந்ததும் நான் கேட்ட கேள்வியை டிராவல்ஸ்காரரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "அன்னைக்குப் பகல்ல அந்த டிரைவருக்கு வேற டிரிப் இருக்கா?" ஏன் கேட்கிறேன் என்று புரியாமல் விழித்தார். தூக்கத்தில் ஓட்டக் கூடாது என்று நான் விலகிவிட்டு, காலையிலிருந்து திருப்பதி போய் வந்த ஒருவரை ராத்திரி இரண்டு மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் என் அண்ணன் பிள்ளைகளோடு அனுப்பினால் என்ன அர்த்தம்? விபத்தை வேறு ஆளின் கைக்கு மாற்றிக் கொடுத்தேன் என்பதுதான். பகலில் ஓய்வில் இருப்பவரை அனுப்புங்கள், அதற்காக இருநூறு கூடக் கொடுக்கிறேன் என்றேன். அவர் அந்த இருநூறை வாங்கிக்கொள்ளவில்லை, ஆளை மட்டும் மாற்றினார். முதலில் போட்டிருந்தவருக்கு அன்று பகலில் காஞ்சிபுரம் டிரிப் இருந்திருக்கிறது.

போன் விஷயத்துக்கு இரண்டு வேலை செய்தேன். அண்ணனின் இந்திய சிம் உயிரோடுதான் இருந்தது, ஆனால் பிளான் முடிந்திருந்தது. இங்கிருந்தே நான் ரீசார்ஜ் செய்துவிட்டேன். சென்னையில் இறங்கியதும் அந்த சிம்மை ஆன் செய்தால் போதும். அடுத்து, டிரைவர் பெயர், எண், வண்டி எண், என் எண் நான்கையும் ஒரே மெசேஜில் முந்தின நாளே அனுப்பி, "இதை பாஸ்போர்ட் கவர்ல ஒரு பேப்பர்லயும் எழுதி வைங்க அண்ணி" என்றேன். அண்ணி சிரித்தார், ஆனால் எழுதி வைத்தார். அண்ணன் கத்தார் சிம்மிலிருந்து இந்திய சிம்முக்கு மாறவே இல்லை, மறந்துவிட்டார். வெளியே வந்த பிறகு டிரைவருக்குப் போன் போனது அந்தப் பேப்பரைப் பார்த்து, அண்ணியின் போனிலிருந்துதான்.

எங்கே சந்திப்பது என்பதை டிரைவரிடமே விட்டேன். அடிக்கடி வருகிற ஆள், அவருக்குத்தான் தெரியும். முனைய வாசல் பாதையில் வண்டியை நிறுத்திக் காத்திருக்க விட மாட்டார்கள். ஆகவே வண்டியைப் பார்க்கிங்கில் போட்டுவிட்டு, அவர் மட்டும் நடந்து வந்து வெளியேறும் வாசலில் நின்றார். கையில் ஒரு அட்டை. அதில் அண்ணன் பெயரை இங்கிலீஷில் எழுத வேண்டாம், அண்ணன் மகளின் செல்லப் பெயரைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஏழு வயதுக் குழந்தை. வெளியே வந்ததும் "அப்பா, என் பேரு!" என்று கத்தினாளாம். அத்தை சொன்ன அந்தக் காலி இடத்துக்கு எனக்குத் தோன்றியது இவ்வளவுதான். வண்டிக்குள் ஒரு பையில் இட்லியும் ஒரு ஃபிளாஸ்க்கில் பாலும் என் மனைவி கொடுத்து அனுப்பியிருந்தாள், டிரைவர் போகிற வழியில் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்று ராத்திரி நான் பத்து மணிக்குப் படுத்தேன். 12:30-க்கு அலாரம் வைத்து எழுந்து விமான எண்ணைக் கூகுளில் தட்டிப் பார்த்தேன். இருபது நிமிடம் தாமதம். டிரைவருக்கு அதை மெசேஜில் போட்டேன். அவர் வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷனை எட்டு மணி நேரத்துக்கு என்று வைத்து எனக்கு அனுப்பினார், அதை அண்ணனுக்கும் பெரியம்மாவுக்கும் தெரியும்படி ஒரு குரூப்பில் போடச் சொன்னேன். நகையோடு வருகிறவர்கள் வீட்டில் இருக்கிற பயம் இதில் பாதி குறையும். 2:20-க்கு "ஏறிட்டாங்க சார்" என்று போன். அதன் பிறகு தூங்கிவிட்டேன். டாக்சி போட்டால் முழுத் தூக்கமும் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், ஒரு மணி நேரம் போகத்தான் செய்யும். ஆனால் அதைக் கட்டிலில் உட்கார்ந்தபடி இழக்கலாம்.

எல்லாம் கச்சிதம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆத்தூர் டோலில் டிரைவர் அண்ணனிடம் "டோல் காசு சார்" என்று கேட்டிருக்கிறார். அண்ணனும் கொடுத்துவிட்டார். ஒரே தொகை என்று நான் முதலாளியிடம் பேசியது டிரைவருக்குப் போய்ச் சேரவில்லை. பெரிய பணம் இல்லை, ஆனால் அண்ணன் அதை இரண்டு முறை சொல்லிக்காட்டினார். இப்போதெல்லாம் "எல்லாம் பேசியாச்சு, அவங்ககிட்ட எதுவும் கேட்க வேண்டாம்" என்று டிரைவரிடமே தனியாகச் சொல்கிறேன். வருகிறவரிடமும் "டிரைவருக்கு ஒண்ணும் கொடுக்காதீங்க, டீக்கு வேணும்னா கொடுங்க" என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒருவருக்கு மட்டும் இந்த விதியை நான் வைத்துக்கொள்ளவில்லை. சித்திரையில் பெரியம்மா சிங்கப்பூரிலிருந்து தனியாக வந்தார், 76 வயது, வீல்சேரில். அவரை அட்டையோடு நிற்கிற யாரிடமும் ஒப்படைக்க மனம் வரவில்லை. ராத்திரி 11:40-க்கு இறங்கிய விமானம். அன்று மதியம் லீவ் போட்டு மூன்று மணி நேரம் தூங்கினேன், மறுநாளும் லீவ். ராத்திரியோடு ராத்திரியாகத் திண்டிவனம் கிடையாது, நேராக சேலையூருக்குக் கூட்டி வந்து படுக்க வைத்துவிட்டு, காலையில் பத்து மணிக்கு மேல்தான் கிளம்பினோம். ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு வருகிற அந்தப் பத்து கிலோமீட்டரில் பெரியம்மா முன் சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தார். வண்டலூர் விஷயத்தை அத்தை அவரிடம் சொல்லியிருக்கிறார் போல. குரோம்பேட்டை தாண்டுவதற்குள் "தூக்கம் வருதாடா?" என்று நாலு முறை கேட்டுவிட்டார்.